ஆறு ஃபேன் இருந்தும் வெந்த கேபினெட்: தருமபுரி ஸ்டுடியோ கணினி ஒன்றின் கதை

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். பென்னாகரம் ரோட்டில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். வைகாசி முகூர்த்தம் தொடங்குவதற்குள் பங்குனிக் கல்யாணங்களை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி. "காலைல எக்ஸ்போர்ட் போட்டா 42 நிமிஷத்துல முடியுது தம்பி. அதே ஃபைல மத்தியானம் போட்டா 51 நிமிஷம். சத்தம் வேற, மிக்ஸி ஓடுற மாதிரி" என்றார்.

ஒரே ஃபைல், ஒரே கணினி, நேரம் மட்டும் வேறு. இதைக் கேட்டதுமே பாதி புரிந்துவிடும். சூடு தாங்காமல் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மீதிப் பாதிதான் வேலை: சூடு எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கணினி சாதாரணமானதல்ல. ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 9 5900எக்ஸ் பிராசசர், அதன்மேல் இரட்டைக் கோபுர ஏர் கூலர். கார்டு முழு வேகத்தில் 320 வாட் தின்னும். பிராசசர் 142 வாட் வரை போகும். மிட் டவர் கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் பின்னால் மூன்று ஆர்ஜிபி ஃபேன். பின்புறம் ஒன்று. சூடு அதிகமாகிறது என்று போன மாதம் வேறு ஒரு ஊரில் காட்டியபோது, மேலே இன்னும் இரண்டு ஃபேன் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆக மொத்தம் ஆறு. போட்ட பிறகும் ஒன்றும் குறையவில்லை, சத்தம்தான் கூடியது என்பது அண்ணனின் வருத்தம்.

கையை வைக்கும் முன் அளந்தது

அவரிடம் கணினியைத் தூக்கிவரச் சொல்லாமல் நானே ஸ்டுடியோவுக்குப் போனேன். கேபினெட் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் நோயின் ஒரு பாகம். கடைக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துப் பார்த்தால் அந்தப் பாகம் காணாமல் போய்விடும்.

மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மேலே நேரடியாக மொட்டை மாடித் தளம். மதியம் இரண்டு மணிக்கு அறையின் சூடு 35 டிகிரி. கேபினெட் ஒரு கம்ப்யூட்டர் டேபிளின் கீழ் அறைக்குள், மூன்று பக்கமும் பலகை அடைத்த பொந்தில் இருந்தது. பூஜைக்கு வைத்த மாடம் போல அழகாகத்தான் இருந்தது. மீன் தொட்டிக்குப் போடும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு எப்போதும் என் பையில் கிடக்கும். ஒன்றின் முனையை முன் ஃபேன் காற்றை இழுக்கும் வாயிலும், இன்னொன்றைப் பின் ஃபேனின் வெளியிலும் ஒட்டினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. கார்டின் வெப்பநிலையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. கார்டு 83 டிகிரியைத் தாண்டாமல் இருக்கப் பார்க்கும். சூடு ஏறினால் முதலில் தன் ஃபேனை வேகப்படுத்தும், அதுவும் போதாவிட்டால் தன் வேகத்தைக் குறைக்கும். கேபினெட்டில் காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகும் எண் 83-ல் இருந்து 81-க்குத்தான் இறங்கியிருக்கும். "ரெண்டு டிகிரிக்கா இவ்வளவு பாடு?" என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில் கார்டு கூடுதல் வாட் எடுத்துக்கொண்டு, ஃபேனையும் மெதுவாக்கியிருக்கும். லாபம் அங்கே போய் ஒளிந்துகொள்கிறது.

அதனால் சோதனை நேரத்துக்கு மட்டும் MSI Afterburner என்ற மென்பொருளில் கார்டை 260 வாட்டுக்குக் கட்டினேன். கார்டின் ஃபேனை 70 சதவீதத்தில் நிறுத்தினேன். பிராசசர் கூலரின் ஃபேனையும் ஒரே வேகத்தில் பூட்டினேன். ஓடவிட்டது அண்ணனின் சொந்தப் புராஜெக்ட்தான். இரவு வரவேற்பில் எடுத்த, புள்ளி புள்ளியாக இரைச்சல் விழுந்த காட்சிகளுக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போட்ட பகுதி. அது ஓடும்போது கார்டு முழுக்க உழைக்கும், பிராசசர் சுமார் 100 வாட் எடுக்கும். ஒவ்வொரு முறையும் முப்பது நிமிடம் ஓட்டி, கடைசிப் பத்து நிமிடச் சராசரியை, சூட்டைக் காட்டும் HWiNFO64 என்ற மென்பொருளில் எடுத்தேன். கேபினெட்டின் தகடும் உள்ளே இருக்கும் இரும்பும் சூடாகி நிலைக்கு வர இருபது நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

முதல் அளவு, எதையும் தொடாமல் எடுத்தது: கார்டு 80, கார்டின் மெமரி 102, பிராசசர் 83. மெமரி என்று நான் சொல்வது HWiNFO64-இல் `GPU Memory Junction Temperature` என்ற வரி. 3080-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி கார்டின் சிப்பைவிட வெகுவாகச் சூடேறும். 110-ஐத் தொடும்போது கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை வெட்டிவிடும். சிப்பின் எண்ணை மட்டும் பார்த்து "84 தானே, பரவாயில்லை" என்று விட்டவர்கள் பலர். அண்ணனின் கணினியில் பூட்டுகளை எடுத்துவிட்டு ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டினேன். மெமரி 110-ஐத் தொட்டது. மதியத்தில் காணாமல் போன ஒன்பது நிமிடம் அங்கேதான் இருந்தது.

முன் வாயில் ஒட்டிய தெர்மாமீட்டர் 40 காட்டியது. அறை 35, கேபினெட் குடிக்கும் காற்று 40. பின்னால் வெளியேறும் சூடு பலகையில் மோதி, பொந்தின் ஓரமாகச் சுற்றி முன்னால் வந்து, திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது. தன் மூச்சையே தான் இழுப்பது போல.

ஒவ்வொன்றாகக் கழற்றியது

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யக்கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். பிறகு எது வேலை செய்தது என்று தெரியாது. அன்று மதியமும் மறுநாளும் எடுத்த அளவுகள் இவை. அறை 35-ஐ விட்டு நகராதபடி ஒரே நேரத்தில், இரண்டு முதல் ஐந்து மணிக்குள் எடுத்தேன்.

| நிலை | கார்டு | மெமரி | பிராசசர் |
|---|---|---|---|
| டேபிள் பொந்தில், இருந்தபடி | 80 | 102 | 83 |
| வெளியே இழுத்து வைத்தது | 75 | 98 | 79 |
| முன் கண்ணாடியையும் கழற்றியது | 68 | 90 | 73 |
| பக்கத் தகட்டையும் கழற்றியது | 65 | 86 | 69 |

இந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்றவையெல்லாம். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டால் கேபினெட்டே இல்லாத மாதிரி. அப்படியும் கார்டு 80-லேயே நின்றிருந்தால் கேபினெட்டின்மேல் பழி இல்லை. கார்டின் உள்ளே பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது மெமரிமேல் இருக்கும் தெர்மல் பேட் சரியாக ஒட்டாமல் இருக்கும். அப்போது எத்தனை ஃபேன் போட்டாலும் வீண். இங்கே 15 டிகிரி இறங்கியது. ஆகக் கார்டு நலமாக இருக்கிறது. அதில் 5 டிகிரி டேபிளின் கணக்கு, 7 கண்ணாடியின் கணக்கு, மீதி 3 ஃபேன்களை வைத்த முறையின் கணக்கு.

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப சைடு தகட்ட எடுத்துட்டே ஓட்டிடலாமே தம்பி?" என்றார். எல்லாரும் கேட்பதுதான். கீழே ரோட்டில் கிரானைட் லாரி போகிறது. ஜன்னல் ஓரத்தில் விரலால் தடவினால் வெள்ளையாக ஒட்டுகிறது. திறந்து வைத்தால் அந்தத் தூள் முழுக்க கார்டின் தகடுகளுக்குள் போய் அடைந்துகொள்ளும். இரண்டு மாதத்தில் பழைய சூடு திரும்ப வரும், கூடவே எலியும் வரும்.

கண்ணாடி ஏன் 7 டிகிரி தின்றது? ஸ்கேல் எடுத்து அளந்தேன். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடமும் வலமுமாக இரண்டு பிளவு. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலம், 36 சென்டிமீட்டர் உயரம். இரண்டும் சேர்ந்து 43 சதுர சென்டிமீட்டர். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் காற்றை இழுக்கும் பரப்பு ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர். மூன்று ஃபேனுக்கு 300. முந்நூறு வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று. அதற்குள்ளும் ஒரு வலை, அந்த வலையில் கிரானைட் தூள். அங்கே நான்காவது ஃபேன் போட்டாலும் அதே பிளவு வழியாகத்தான் இழுக்க வேண்டும்.

காற்றின் அளவைக் கணக்கில் பிடித்தது

ஃபேன் பெட்டியில் ஒவ்வொன்றும் 55 சி.எஃப்.எம். என்று அச்சிட்டிருந்தது. நிமிடத்துக்கு 55 கன அடி. மூன்றுக்கு 165. அது எதிரில் எந்தத் தடையும் இல்லாமல், வெட்டவெளியில் ஃபேனை ஓட்டி எடுத்த எண். கேபினெட்டுக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு சின்னக் கணக்கும் போதும்.

உள்ளே உண்டாகும் வாட்டை 1.76-ஆல் பெருக்கி, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் வகுத்தால், ஓடும் காற்று சி.எஃப்.எம்.-இல் கிடைக்கும். சோதனையில் கார்டு 260, பிராசசர் 100, போர்டும் ரேமும் டிஸ்க்கும் சேர்ந்து ஒரு 40. மொத்தம் 400 வாட். பவர் சப்ளை கீழிருந்து தன் காற்றைத் தானே இழுத்துப் பின்னால் விடுவதால் அதை இதில் சேர்க்கவில்லை. 400-ஐ 1.76-ஆல் பெருக்கினால் 704. பொந்துக்கு வெளியே, கண்ணாடி இருந்தபோது உள்ளே போன காற்று 35.5, வெளியே வந்தது 56 டிகிரி. வித்தியாசம் சுமார் 20. ஆக ஓடிய காற்று 35 சி.எஃப்.எம். பெட்டியில் போட்டது 165, கிடைத்தது 35. கண்ணாடியைக் கழற்றியபோது வித்தியாசம் 10-ஆகச் சுருங்கியது, காற்று 70-ஆக இரட்டித்தது.

இது பவுன் எடை போடும் தராசு அல்ல. வெளியேறும் காற்று எல்லா ஓட்டையிலும் ஒரே சூட்டில் வராது. நான் அளந்தது மேல் ஃபேனுக்கும் பின் ஃபேனுக்கும் இடைப்பட்ட சராசரி. போதாக்குறைக்கு தருமபுரி கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்று கொஞ்சம் லேசு, அதனால் அதே சூட்டைத் தூக்க ஐந்து சதவீதம் கூடுதல் காற்று வேண்டும். இருந்தாலும் 35-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை இதெல்லாம் மறைத்துவிடாது. முழு வேகத்தில் 480 வாட் வரும் இந்தக் கணினிக்கு, 10 டிகிரிக்குமேல் காற்று சூடாகக் கூடாது என்றால் 85 முதல் 90 சி.எஃப்.எம். உண்மையாக ஓட வேண்டும். அதுதான் எனக்கான இலக்கு.

ஊதுபத்தி சொன்னது

அடுத்தது மிச்சமிருந்த 3 டிகிரி. ஸ்டுடியோவில் சாமி படத்துக்குக் கீழே ஊதுபத்தி இருந்தது. ஒன்றைக் கொளுத்தி, முன் ஃபேன்களின் வாயில் மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டு, பக்கத்துக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். சாம்பல் உள்ளே விழாமல் கையைத் தள்ளியே வைக்க வேண்டும்.

மேல் முன் ஃபேன் வழியாகப் போன புகை ஒரு சாண்கூட உள்ளே போகவில்லை. ரேமுக்கு மேலே வளைந்து, கூரையில் முன்பக்கமாகப் புதிதாகப் போட்ட ஃபேன் வழியாக நேராக வெளியே போய்விட்டது. பிராசசர் கூலருக்குப் போக வேண்டிய குளிர்ந்த காற்றை, அது கூலரைத் தொடும் முன்பே வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது அந்த ஃபேன். கூலர் என்ன செய்யும்? பசிக்குக் கிடைத்ததைத் தின்னும். அதன் கீழே இருப்பது கார்டு. கார்டு தன் 260 வாட்டையும் மேலும் பக்கமுமாக ஊதுகிறது. கூலர் அதை இழுத்தது.

இதை எண்ணிலும் பிடிக்கலாம். கார்டைச் சும்மா விட்டு, பிராசசருக்கு மட்டும் அதே 100 வாட் வேலை கொடுத்து, பொந்துக்கு வெளியே கண்ணாடியோடு ஓட்டினேன்: 62 டிகிரி. கார்டும் சேர்ந்து ஓடியபோது 79. பிராசசரின் வாட் மாறவில்லை, கூலர் ஃபேன் மாறவில்லை. அந்த 17 டிகிரி முழுக்க கார்டிடமிருந்து வந்த சூடு. உங்கள் கணினியில் இந்த வித்தியாசம் எட்டுக்குமேல் இருந்தால், கூலரை மாற்றக் காசு செலவழிக்கும் முன் கூலருக்கு எங்கிருந்து காற்று வருகிறது என்று பாருங்கள்.

நடு ஃபேனின் புகை ஒழுங்காகக் கார்டின் அடியில் போனது. கீழ் ஃபேனின் புகையில் பாதி பவர் சப்ளையை மூடிய தகட்டுக்குள் போய் அடங்கிவிட்டது. அதாவது மூன்று முன் ஃபேன்களில் ஒன்றரைதான் வேலை செய்தது. இன்னொன்று: பின்னால், கார்டுக்குக் கீழே இருக்கும் ஸ்லாட் மூடிகளின் ஓட்டை வழியாகப் புகை உள்ளே இழுக்கப்பட்டது. வெளியே தள்ளும் ஃபேன் மூன்று, உள்ளே இழுப்பது பெயருக்கு மூன்று. கண்ணாடியில் மூச்சு முட்டுவதால் உள்ளே காற்று பற்றாமல், கிடைத்த ஓட்டையிலெல்லாம் வடிகட்டாமல் இழுத்தது. கார்டின் பின் தகட்டில் தூசி ஏன் திட்டுத் திட்டாக இருந்தது என்பதற்கும் விடை அதில் கிடைத்தது.

நான் சறுக்கிய இடம்

கூலருக்குக் குளிர்ந்த காற்று வேண்டும், அவ்வளவுதானே என்று மேல் ஃபேன் இரண்டையும் திருப்பிப் போட்டேன். இனி இரண்டும் உள்ளே ஊதும். முதல் பத்து நிமிடம் பிராசசர் எண் கீழே போனதைப் பார்த்து எனக்கே பெருமை. முப்பது நிமிட முடிவில் பிராசசர் 66, ஆனால் கார்டு 71, மெமரி 94. கண்ணாடியைக் கழற்றி எடுத்த 68, 90-ஐவிட மோசம். ஐந்து ஃபேன் உள்ளே தள்ள, வெளியே எடுக்க ஒன்றே ஒன்று. கார்டின் பக்கவாட்டில் மேலெழும் சூட்டை மேலிருந்து வந்த காற்று அமுக்கிப் பிடித்துத் திரும்பக் கார்டின் வாய்க்கே கொடுத்தது. ஊதுபத்திப் புகை கார்டின் முன்னால் சுழன்றுகொண்டே இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். கூரையில் வலையும் இல்லை. ஒரு வாரம் அப்படியே விட்டிருந்தால் கூலர்மேல் கிரானைட் மாவு பூத்திருக்கும்.

திருப்பினேன். மேலே முன்பக்க ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை ஒரு அட்டையை வெட்டி மூடினேன். மேலே பின்பக்கம் ஒன்று, பின்புறம் ஒன்று, இரண்டும் வெளியே தள்ளும். முன்பக்கம் மூன்றும் உள்ளே. கண்ணாடி இல்லாமல், பக்கத் தகடு மூடி: கார்டு 66, மெமரி 88, பிராசசர் 68. ஒரு ஃபேனை எடுத்ததால் பிராசசர் 73-லிருந்து 68-க்கு வந்தது. இதை அண்ணனை நம்பவைக்கத்தான் நேரம் ஆனது. காசு கொடுத்துப் போட்ட ஃபேனாயிற்றே.

புதிதாகப் போட்டது

கண்ணாடியைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. "கல்யாண வீட்டுக்காரங்க வந்தா இத பாத்துட்டுதான் தம்பி அட்வான்ஸ் குடுக்குறாங்க" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் உயர ஸ்பேசர் வைத்துத் தள்ளிப் பொருத்திப் பார்த்தேன். சூடு பெருமளவு இறங்கியது. ஆனால் அந்த இடைவெளிக்கு வலை போட வழியில்லை. கடைசியில் முன்பக்கம் முழுக்க மெஷ் வைத்த மிட் டவர் ஒன்றை வாங்கலாம் என்று முடிவானது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது பார்த்து எடுத்தேன். கேபினெட் எடுக்கும்போது நான் செய்வது ஒன்று: முன் தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். பின்னால் இருக்கும் என் விரல் தெரிய வேண்டும். மெஷ் என்று எழுதியிருந்தும் ஓட்டைகள் ஊசி முனை அளவில், உள்ளே இன்னொரு துணி வலையும் சேர்த்துத் தைத்த கேபினெட்டுகள் உண்டு. அவை கண்ணாடிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஃபேன் ஆறு நான்காகக் குறைந்தது. முன்பக்கம் 140 மில்லிமீட்டரில் இரண்டு. அவற்றை இருக்கிறதிலேயே கீழான திருகு ஓட்டையில் போடாமல், கீழ் ஃபேனின் அடி விளிம்பு பவர் சப்ளைத் தகட்டின் மேல் மட்டத்துக்கு வரும்படி உயர்த்திப் பொருத்தினேன். கீழ் ஃபேன் கார்டுக்கு, மேல் ஃபேன் கூலருக்கு. பின்புறம் 120-இல் ஒன்று, கூரையில் பின் மூலையில் 120-இல் ஒன்று. இந்தக் கடைசியானது கூலரின் முன் விளிம்பைத் தாண்டி முன்னால் வரக்கூடாது. வந்தால் பழைய கதைதான். கூரையின் மிச்ச ஓட்டைகளை உள்பக்கமாக அட்டையால் மூடினேன். ஃபேனின் திசையைத் திருகும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்: குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியே வரும்.

பூட்டிய அதே அளவில் ஓட்டினேன். கார்டு 64, மெமரி 86, பிராசசர் 66. பக்கத் தகடு மூடியிருக்கிறது, ஆனாலும் பழைய கேபினெட்டைத் திறந்துபோட்டு எடுத்த எண்ணோடு மெமரி சமம், மற்ற இரண்டும் கொஞ்சம் கீழே. வெளியேறும் காற்று அறையைவிட 9 டிகிரிதான் கூடுதல். கணக்குப்படி 78 சி.எஃப்.எம். முன் ஃபேன்கள் அப்போது 900 சுற்றில்தான் ஓடின, 1,500 வரை கையிருப்பு இருந்தது. பிராசசர் தனியாக ஓடும்போது 60, கார்டோடு ஓடும்போது 66. பழைய 17, இப்போது 6.

இன்னும் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. போர்டின் பயாஸில் கேபினெட் ஃபேன்கள் பிராசசரின் சூட்டைப் பார்த்தே வேகம் கூட்டும். கார்டின் சூடு அதற்குத் தெரியாது. எக்ஸ்போர்ட்டின்போது கார்டு வெந்துகொண்டிருக்க, பிராசசர் 60-இல் இருந்தால் முன் ஃபேன்கள் சோம்பலாகச் சுற்றும். பழைய ஆர்ஜிபி ஃபேன்களில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. அவை ஒரு ஹப்பில் மாட்டி எப்போதும் ஒரே வேகத்தில் கத்திக்கொண்டிருந்தன. புது ஃபேன்களை போர்டில் நேரடியாக மாட்டி, FanControl என்ற மென்பொருளில் பிராசசருக்கு ஒரு கோடு, கார்டுக்கு ஒரு கோடு போட்டு, இரண்டில் எது அதிகமோ அதை எடுக்கும்படி `Mix` பகுதியில் `Max` என்று வைத்தேன். கார்டு 45 டிகிரி வரை 35 சதவீதம், 60-இல் 55, 75-இல் 80. நொடிக்கு நொடி ஏறி இறங்கி எரிச்சல் தராமல் இருக்க, மூன்று டிகிரி இறங்கினால் மட்டுமே வேகம் குறையும்படி விட்டேன்.

பூட்டுகளையெல்லாம் எடுத்து, 320 வாட்டில், மதியம் மூன்று மணிக்கு அதே புராஜெக்ட்: கார்டு 72, மெமரி 94, எக்ஸ்போர்ட் 41 நிமிடம். அண்ணன் எண்ணையெல்லாம் பார்க்கவில்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுதா, நின்னுபோச்சா?" என்றார்.

ஃபேனால் முடியாதது

அறையில் 35 இருந்தால் கேபினெட்டுக்குள் 35-க்குக் கீழே எந்த ஃபேனாலும் கொண்டுவர முடியாது. 500 வாட் கணினி என்பது அந்தச் சின்ன அறையில் நாள் முழுக்க எரியும் ஒரு ஹீட்டர். சத்தம் வராமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டியபோது அறை 35-லிருந்து 38-க்கு ஏறியது. கார்டும் கூடவே மூன்று ஏறியது. வென்டிலேட்டரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டச் சொன்னேன், மாட்டினார். அக்கினி நட்சத்திரம் முடியும்வரை கார்டின் `Power Limit`-ஐ 85-இல் வைத்துக்கொள்ளவும் சொன்னேன். 320-க்குப் பதில் 272 வாட். எக்ஸ்போர்ட் இரண்டு நிமிடம் கூடும், அறைக்குள் கொட்டும் சூடு 48 வாட் குறையும்.

கேபினெட் இப்போது டேபிளுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பொந்தில் பழைய ஆல்பங்களை அடுக்கிவிட்டார். கழற்றிய ஆர்ஜிபி ஃபேன் ஒன்றை, அது இல்லாமல் ஸ்டுடியோ இருட்டாக இருக்கிறது என்று சொல்லி, ஷோகேஸில் வெறும் விளக்காக எரியவிட்டிருக்கிறார்.

தூசிக்காக ஒரு எண்ணைச் சொல்லிக் கொடுத்தேன். கார்டின் சூட்டிலிருந்து அறையின் சூட்டைக் கழிக்க வேண்டும். காலையில் 30, மதியம் 37 என்று அறை மாறினாலும் அந்தக் கழித்தல் அதிகம் மாறாது. நான் சேமித்து வைத்த 260 வாட் செட்டிங்கில், சுத்தமான வலையோடு அது 29. கேபினெட்டின் பின்னால் மார்க்கரால் 29 என்று எழுதி, 33 வந்தால் வலையைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டச் சொன்னேன். ஐந்தாவது வாரம் ஃபோன் வந்தது. "முப்பத்தி நாலு தம்பி. கழுவினேன், மாவு கரைச்ச மாதிரி வெள்ளத் தண்ணி." ஈரம் காய்வதற்குள் மாட்டிவிட வேண்டாம் என்றேன். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, "இருபத்தொம்பது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.